சிப்ஸ் சிவப்பது எண்ணெயில் அல்ல, கிழங்கில்: பொன்னிறத்தில் இறக்க வேண்டியது ஏன்?

திருப்பூர், அவிநாசி, பல்லடம் வட்டாரத்தில் பனியன் கம்பெனிகளின் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் டீக்கடைகளிலும் பேக்கரிகளிலும் வேகமாகத் தீர்ந்துபோவது உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட். இந்தத் தேவையை நம்பி மகளிர் குழுக்களும், விவசாயக் குடும்பங்கள் சிலவும் வீட்டுக் கொட்டகையிலேயே அடுப்பு போட்டு வறுவல் தயாரிக்கின்றன. இவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. அதே எண்ணெய், அதே அடுப்பு, அதே கை. ஆனால் போன வாரம் பொன் போல வந்த சிப்ஸ் இந்த வாரம் செம்பட்டையாகி, ஓரம் கருத்து, லேசாகக் கசக்கிறது. தீயைக் குறைத்தாலும் சரியாவதில்லை.

கடைக்காரர் திருப்பி அனுப்புவது ஒரு நஷ்டம். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாது. மாவுச்சத்துள்ள பொருளை அதிக வெப்பத்தில் வறுக்கும்போது அக்ரிலமைடு என்ற வேதிப்பொருள் அதில் உண்டாகிறது. நிறம் ஏற ஏற இதன் அளவும் ஏறும். செம்பட்டைச் சிப்ஸில் இருப்பது பொன்னிறச் சிப்ஸில் இருப்பதைப் போலப் பல மடங்கு.

அக்ரிலமைடு என்ற பெயர் திருப்பூருக்கு முற்றிலும் புதியதல்ல. சாயக்கழிவு நீர் சுத்திகரிப்பு நிலையங்களில் கசடைத் திரளச்செய்து அடியில் இறக்குவதற்குப் போடும் 'பாலி'யில் பாலிஅக்ரிலமைடு உண்டு. பல்லாயிரக்கணக்கான அக்ரிலமைடு துகள்கள் சங்கிலியாகக் கோத்ததுதான் அது. சங்கிலியாக இருக்கும்வரை பெரிய தொந்தரவு இல்லை. கோக்காமல் தனித்தனியாக இருக்கும் அக்ரிலமைடுதான் நரம்பைப் பாதிக்கும் நஞ்சு. அது சாப்பாட்டிலும் இருக்கிறது என்று உலகம் தெரிந்துகொண்டதற்கு மாடுகளே காரணம்.

மாடு சாய்ந்ததில் தொடங்கிய கதை

1997-ல் சுவீடனின் தென்மேற்கே ஹாலண்ட்சோஸ் என்ற குன்றைக் குடைந்து ரயில் சுரங்கம் அமைத்தார்கள். பாறை இடுக்கில் தண்ணீர் கசிந்ததால், அதை அடைக்க அக்ரிலமைடு கலந்த பூச்சுக் கலவையை உள்ளே செலுத்தினார்கள். அது முழுவதும் இறுகாமல் ஓடையில் கலந்தது. மீன்கள் செத்து மிதந்தன. அந்த ஓடைத் தண்ணீரைக் குடித்த மாடுகள் கால் விளங்காமல் சாய்ந்தன. சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கை கால் மரத்துப்போனது.

யாருக்கு எவ்வளவு பாதிப்பு என்று அறிய ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கரெட்டா தோர்ன்க்விஸ்ட் குழுவினர் தொழிலாளர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, சுரங்கத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஆட்களின் ரத்தத்தையும் எடுத்தார்கள். அந்த ஆட்களின் ரத்தத்திலும் அக்ரிலமைடின் தடயம் இருந்தது! வேலையில் இல்லை, தண்ணீரில் இல்லை. பின் எங்கிருந்து வந்தது? தேடிப் போனவர்கள் கடைசியில் சமையலறைக்கு வந்து நின்றார்கள். வறுத்த தீனி கொடுத்த எலிகளின் ரத்தத்தில் அளவு கூடியது. 2002 ஏப்ரலில் சுவீடனின் உணவுத் துறை இதை உலகுக்கு அறிவித்தது: உருளைக்கிழங்கு சிப்ஸ், வறுவல், பிஸ்கட், ரொட்டியின் மேல்தோல் எல்லாவற்றிலும் அக்ரிலமைடு இருக்கிறது. வேகவைத்த கிழங்கில் இல்லை.

இது புதிதாகச் சேர்ந்த கலப்படம் அல்ல என்பதைக் கவனியுங்கள். மனிதன் நெருப்பில் சுட்டுத் தின்னத் தொடங்கிய நாளிலிருந்தே இருந்திருக்கிறது. நாம் அறிந்ததுதான் 2002-ல்.

எவ்வளவு பயப்பட வேண்டும்? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994-லேயே இதை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது' என்ற பிரிவில் வைத்தது. எலி, சுண்டெலிகளில் கண்டதை வைத்துச் சொன்னது அது. சாப்பாட்டில் சேரும் சிறிய அளவால் மனிதருக்குப் புற்றுநோய் வருகிறது என்று மக்களிடையே நடந்த ஆய்வுகள் ஒரே குரலில் சொல்லவில்லை. எனவே ஒரு பாக்கெட் சிப்ஸைப் பார்த்து அலற வேண்டியதில்லை. ஆனால் உடல் எடையோடு ஒப்பிட்டால் அதிகம் உட்கொள்வது குழந்தைகள்தான். சிப்ஸ் பாக்கெட்டை அதிகம் பிரிப்பதும் அவர்கள்தான். குறைக்க முடிந்ததைக் குறைப்பது தயாரிப்பவரின் கையில் இருக்கிறது.

கடைசி அரை நிமிடம்

கிழங்கில் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் தாராளமாக இருக்கிறது. கூடவே குளூக்கோஸ், ஃபிரக்டோஸ் என்ற எளிய சர்க்கரைகள் கொஞ்சம் உண்டு. வெப்பம் 120 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது இவை இரண்டும் கூடி வினைபுரிகின்றன. வறுவலுக்கு நிறமும் மணமும் ருசியும் தருவது சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சேரும் இந்த வினைதான். அதன் ஒரு கிளையில் பிறப்பதுதான் அக்ரிலமைடு. நிறத்தையும் அக்ரிலமைடையும் பிரிக்க முடியாததற்குக் காரணம், இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

எண்ணெய் 175 டிகிரியில் கொதிக்கும்போதும், உள்ளே போட்ட சீவல் உடனே அந்தச் சூட்டுக்குப் போவதில்லை. சீவலில் தண்ணீர் இருக்கும்வரை அது ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஈரமுள்ள பகுதியின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். பொங்கிவரும் நுரை அந்த ஆவிதான். நுரை அடங்குகிறது என்றால் தண்ணீர் தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு சீவலின் சூடு மடமடவென்று எண்ணெயின் சூட்டை எட்டும். அக்ரிலமைடின் பெரும் பகுதி உண்டாவது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். ஆகவே மூன்று நிமிட வறுவலில் முதல் இரண்டரை நிமிடம் கண்ணயர்ந்தாலும் குற்றமில்லை. கடைசி அரை நிமிடம் கண் சட்டியிலேயே இருக்க வேண்டும். நுரை அடங்கி, சலசலப்பு ஓயும் தறுவாயில் ஜல்லிக் கரண்டி கையில் இருக்கட்டும். "இன்னும் கொஞ்சம் சிவக்கட்டுமே" என்று விடும் இருபது வினாடி மொறுமொறுப்பைக் கூட்டாது. மொறுமொறுப்பு தண்ணீர் தீர்ந்ததுமே வந்துவிட்டது.

இட்லி, புட்டு, இடியாப்பம், வேகவைத்த மரவள்ளி ஆகியவற்றில் இந்தப் பேச்சே எழாததற்கும் இதுவே காரணம். ஆவியும் கொதிநீரும் 120-ஐ எட்டுவதில்லை.

கிழங்கு குளிரில் இனிக்கிறது

தீயையும் நேரத்தையும் சரியாக வைத்தும் சிப்ஸ் சிவந்தால், குற்றம் கிழங்கின் மேல். அஸ்பராஜின் கிழங்குக்குக் கிழங்கு ஓரளவே மாறும். சர்க்கரையோ பல மடங்கு மாறும். கிழங்கில் அக்ரிலமைடு எவ்வளவு உண்டாகும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்தச் சர்க்கரைதான்.

தோண்டிய பிறகும் உருளைக்கிழங்கு உயிரோடுதான் இருக்கிறது, மூச்சு விடுகிறது. உண்ணவும் விதைக்கும் வைக்கும் கிழங்கைக் குளிர்பதனக் கிடங்கில் 2 முதல் 4 டிகிரியில் வைப்பது நம் நாட்டு வழக்கம். முளைக்காது, வாடாது. ஆனால் அந்தக் குளிரில் மூச்சு மெதுவாகிவிட, மாவுச்சத்து மட்டும் சர்க்கரையாக உடைந்துகொண்டே இருக்கும். செலவாகாத சர்க்கரை கிழங்கிலேயே சேரும். குழம்பில் போட்டால் லேசாக இனிக்கும், அவ்வளவுதான். எண்ணெயில் போட்டால் செம்பட்டை.

நம் பகுதிக்குப் பெரும்பாலும் கிழங்கு வருவது மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து. அங்கே நீலகிரியில் தோண்டிய புதுக் கிழங்கும் இறங்குகிறது. வெளி மாநிலங்களிலிருந்து கிடங்கில் இருந்த கிழங்கும் இறங்குகிறது. வெளித்தோற்றத்தில் கிடங்குக் கிழங்கு இன்னும் பளபளப்பாகக்கூட இருக்கும். போன வாரமும் இந்த வாரமும் வேறுவேறு நிறம் வந்ததன் மர்மம் பெரும்பாலும் இங்கேதான்.

சிப்ஸ் ஆலைகள் வாங்கும் கிழங்கு வேறு வகையில் சேமிக்கப்படுகிறது. 10 முதல் 12 டிகிரியில் வைத்து, முளை அடக்கும் மருந்தைப் புகையாகச் செலுத்துகிறார்கள். வட மாநில மண்டிகளில் இதை 'சுகர் ஃப்ரீ' கிழங்கு என்று விற்பதுண்டு. (சர்க்கரை நோயாளிக்கானது என்று நினைத்து வாங்க வேண்டாம்; மாவுச்சத்து அப்படியேதான் இருக்கும்.) மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் சிப்ஸுக்கென்றே சர்க்கரை குறைந்த குஃப்ரி சிப்சோனா 1, 2 ரகங்களை 1998-ல் வெளியிட்டது. அதன் பிறகு சிப்சோனா 3, 4 வந்தன. சிப்ஸுக்கான கிழங்கில் எளிய சர்க்கரை 100 கிராமுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவான வரம்பு. கிடங்குக் குளிரில் இது சில மடங்கு தாண்டிவிடும்.

கிழங்கு பயிரிடுபவர் செய்யக்கூடியதும் உண்டு. முதிராத கிழங்கில் சர்க்கரை அதிகம். விலை நன்றாக இருக்கிறது என்று முன்னதாகத் தோண்டிய கிழங்கைச் சிப்ஸ்காரருக்குக் கொடுத்தால் அடுத்த முறை அவர் வரமாட்டார். கொடியை வெட்டிவிட்டு, தோல் கெட்டிப்பட்ட பிறகு தோண்டுங்கள். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் தோல் உரியக் கூடாது. பரிந்துரைக்கு மேல் யூரியா இடுவது இரண்டு வழியில் கெடுக்கும்: கொடி பசுமையாகவே நின்று முதிர்ச்சி தள்ளிப்போகும், கிழங்கில் அஸ்பராஜினும் கூடும்.

நாலு மூட்டை கிழங்கு

ஒரு குழு மண்டியிலிருந்து 50 கிலோ மூட்டை நாலு வாங்கி வந்ததாக வைத்துக்கொள்வோம். நாலு கிலோ கிழங்குக்கு ஏறக்குறைய ஒரு கிலோ சிப்ஸ் என்றால், 50 கிலோ சிப்ஸுக்கான சரக்கு. இதை நேராகச் சட்டிக்குக் கொண்டுபோகும் முன் அரை மணி நேரம் செலவிட வேண்டும்.

ஒவ்வொரு மூட்டையிலும் மேலிருந்து மட்டும் எடுக்காமல் நடுவிலும் அடியிலுமாகப் பத்துக் கிழங்கு எடுங்கள். ஒவ்வொன்றையும் நீளவாக்கில் பிளந்து, கொடி ஒட்டியிருந்த முனை முதல் மறுமுனை வரை வரும்படி இரண்டு சீவல் எடுங்கள். சர்க்கரை பெரும்பாலும் முதலில் ஏறுவது கொடி ஒட்டிய முனையில்தான். நடுவில் மட்டும் சீவிப் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். சீவல்களை 175 டிகிரி எண்ணெயில் நுரை அடங்கும்வரை பொரித்து, வெள்ளைத் தட்டில் மூட்டைவாரியாகப் பரப்புங்கள். பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

மூன்று மூட்டையின் சீவல்கள் வெளிர் பொன்னிறமாக வந்து, ஒன்றில் மட்டும் பத்துக்கு நாலு கிழங்கு செம்பட்டையாக வருகிறது என்று கொள்வோம். அந்த மூட்டை கிடங்கிலிருந்து வந்தது என்பது கிட்டத்தட்ட உறுதி. இன்னொரு சோதனையும் செய்யலாம். சிறுநீரில் சர்க்கரை பார்க்கும் ஸ்டிரிப் மருந்துக்கடையில் கிடைக்கும். கிழங்கை வெட்டிய ஈரத்தில் அதை அழுத்தி, டப்பாவில் உள்ள நிறத்தோடு ஒப்பிடுங்கள். குளூக்கோஸ் மட்டுமே அதில் தெரியும், துல்லியமும் இல்லை. ஆனால் நல்ல மூட்டையையும் கெட்ட மூட்டையையும் பிரிக்க அது போதும். மண்டியில் நின்றபடியே பார்க்கவும் முடியும்.

ஒதுக்கிய மூட்டையை என்ன செய்வது? அவசரமில்லை என்றால் குளிர் இல்லாத, இருட்டான, காற்றோட்டமுள்ள அறையில் பரப்பி வையுங்கள். மூச்சு வேகமெடுத்து, சேர்ந்த சர்க்கரையில் ஒரு பகுதி செலவாகிவிடும். ஒரு பகுதி மாவாகத் திரும்பும். 15 முதல் 20 டிகிரியில் இரண்டு மூன்று வாரம் வைப்பது முறை. திருப்பூரில் அந்தக் குளுமை மார்கழி, தை இரவுகளில் மட்டும்தான். மற்ற மாதங்களில் நம் வீட்டுச் சூட்டில் சர்க்கரை குறையும் வேகத்தைவிட முளைவிடும் வேகமும் அழுகும் வேகமும் முந்திக்கொள்ளலாம். எனவே நாலைந்து நாளுக்கு ஒருமுறை பொறுக்கி, சோதித்துப் பாருங்கள். ஏற்கெனவே முளைத்து, தோல் சுருங்கிய பழைய கிழங்கில் ஏறிய சர்க்கரை திரும்பாது. அதற்கு மெனக்கெடாமல் மசாலாவுக்கோ பொடிமாஸுக்கோ கொடுத்துவிடுவது நல்லது.

காத்திருக்க முடியாதென்றால் தண்ணீர்தான் வழி. சீவல் ஒன்றரை மில்லிமீட்டர் கனம். முதலில் மாவுப்பால் போகக் குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். பிறகு 75 டிகிரி வெந்நீரில் மூன்று நிமிடம். கொதிநீர் வேண்டாம், அது சீவலை வேகவைத்துக் குழைத்துவிடும். சமையல் வெப்பமானி இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு: கொதிக்கும் தண்ணீர் இரண்டு பங்கு, அறைச் சூட்டுத் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் ஏறக்குறைய 75 வரும். சீவலைப் போட்டதும் சூடு இறங்கும் என்பதால் தண்ணீர் நிறைய இருக்கட்டும், அடியில் சிறு தீயும் இருக்கட்டும். ஒரே தண்ணீரில் தொடர்ந்து போட்டால், கரைந்து வந்த சர்க்கரையே அடுத்த ஈட்டில் ஒட்டும். மூன்று நாலு ஈட்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

வெந்நீர் வசதி இல்லாவிட்டாலும் ஊறவைப்பது பலன் தரும். பிரிட்டனில் விரல்நீள வறுவலுக்குச் செய்த ஓர் ஆய்வில், வெறும் அலசல் அக்ரிலமைடை 23 சதவீதமும், அரை மணி நேரம் ஊறவைத்தது 38 சதவீதமும், இரண்டு மணி நேரம் 48 சதவீதமும் குறைத்தன. ஒரு நிபந்தனை: வெளிர் நிறத்தில் எடுத்தபோதுதான் இந்தப் பலன். ஊறவைத்துவிட்டோமே என்று சிவக்க விட்டால் பலன் போய்விடும்.

அலசிய சீவலின் ஈரத்தை ஒற்றி எடுத்த பிறகே சட்டி. இங்கே சுலபமாகக் கிடைக்கிறதே என்று பனியன் கட்டிங் வேஸ்ட் துணியை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். சாயம் ஏறிய துணி சாப்பாட்டுக்கு ஆகாது. துவைத்த வெள்ளைப் பருத்தித் துணி போதும்.

எண்ணெய் 175 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புகை கிளம்பினால் வரம்பை எப்போதோ தாண்டிவிட்டது. லிட்டருக்கு நூறு கிராம் என்ற கணக்கில், ஐந்து லிட்டர் சட்டிக்கு ஓர் ஈடு அரைக் கிலோ சீவல். அதற்கு மேல் அள்ளிப் போட்டால் சூடு இறங்கி, சீவல் எண்ணெய் குடிக்கும். அதை ஈடுகட்டத் தீயைக் கூட்டுவீர்கள். நுரை அடங்கும் கடைசிக் கட்டத்தில் எண்ணெய் 190-ல் நிற்கும். எடுத்த சிப்ஸில் ஓரம் கருத்தவற்றைச் சூட்டோடு பொறுக்கித் தள்ளுங்கள். எடையில் சிறிதே குறையும். ஆனால் அந்த ஈட்டின் அக்ரிலமைடில் பெரும் பங்கு அந்தச் சிலவற்றில்தான் இருக்கும்.

நிறம் ஏமாற்றும் இடங்கள்

பொன்னிறம் நல்ல அளவுகோல்தான். பிரிட்டனின் உணவுத் தர நிறுவனம் 2017-ல் 'பொன்னிறத்தோடு நிறுத்துங்கள்' என்ற கருத்தில் வீடுகளுக்காகப் பிரசாரமே நடத்தியது. ஆனாலும் அளவுகோலைக் கெடுக்கும் சங்கதிகள் உண்டு. பழைய எண்ணெய் கருத்திருந்தால் சட்டிக்குள் சிப்ஸின் நிறம் தெரியாது. மஞ்சள்தூள் கலந்த நேந்திரன் சிப்ஸ் எப்போதும் பொன்னிறமாகத்தான் தெரியும். அதில் ஓரத்தைப் பாருங்கள், நுரையைக் கேளுங்கள். காய் முற்றிப் பழுக்கத் தொடங்கியிருந்தால் அதிலும் சர்க்கரை ஏறியிருக்கும். திருவனந்தபுரத்தில் உள்ள அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழக நிலையத்தார் இந்தியச் சந்தையில் எடுத்த வறுவல்களைச் சோதித்து 2014-ல் வெளியிட்டார்கள். உருளைக்கிழங்கு சிப்ஸில் கிலோவுக்கு நூறு மைக்ரோகிராமுக்குக் கீழிருந்து நாலாயிரத்துக்கு மேல் வரை இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் சிப்ஸுக்கு வைத்திருக்கும் அளவுகோல் 750. ஒரே பெயரில் விற்கும் பண்டத்தில் இத்தனை ஏற்ற இறக்கம் என்பதிலிருந்தே, கிழங்கும் கைப்பக்குவமும் எவ்வளவு மாற்றுகின்றன என்று தெரிகிறது.

காபிக்கு மட்டும் கதை தலைகீழ். கொட்டையை வறுக்கும்போது அக்ரிலமைடு ஆரம்பக் கட்டத்திலேயே உச்சத்துக்குப் போய், மேலும் வறுக்க வறுக்கச் சிதைந்து குறைகிறது. கருக்க வறுத்த காபித்தூளில் வெளிர் வறுவலைவிடக் குறைவு. அதனால் பொன்னிறப் பாடத்தைக் காபிக்குப் பொருத்த வேண்டாம். ஃபில்டர் காபிப் பிரியர்கள் கவனிக்க வேண்டியது அதில் சேரும் சிக்கரியை: வறுத்த சிக்கரிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் அளவுகோல் கிலோவுக்கு 4,000 மைக்ரோகிராம், வறுத்த காபிக்கு 400.